பழைய கொலு பொம்மைப் பக்கத்தை இந்த நவராத்திரிக்குப் புதுப்பிக்கணும், ரேங்க் போகாமல் செய்வது எப்படி?

மல்லேஸ்வரம் மீனா

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் நானும் என் மாமியாரும் சேர்ந்து கொலு பொம்மை விற்கிறோம். தனியாகக் கடை கிடையாது, வீட்டு முன்ஹாலும் ஒரு சின்ன வெப்சைட்டும்தான். பண்ருட்டியிலிருந்தும் விளாச்சேரியிலிருந்தும் சரக்கு வரும்.

வெப்சைட்டில் உண்மையில் எங்களுக்கு வியாபாரம் கொண்டுவருவது ஒரே ஒரு பக்கம், 2023இல் போட்ட தசாவதார செட் பக்கம். அதன் முகவரி `/golu-dolls-2023`. கூகுளில் `golu dolls bangalore` என்று தேடினால் முதல் பக்கத்திலேயே வருகிறது, விளம்பரத்துக்கு நாங்கள் ஒரு பைசா செலவு செய்ததில்லை. ஆனால் அதில் இருப்பது பாதி இன்றைக்குப் பொருந்தாது. விலை 1,950 என்று இருக்கிறது, இப்போது 2,450. பெங்களூர் முழுக்க இலவச டெலிவரி என்று இருக்கிறது, அதை நிறுத்திவிட்டோம். அப்போது எல்லாமே களிமண், இப்போது பெரும்பாலும் காகிதக்கூழ், ஏனென்றால் கொரியரில் களிமண் பொம்மை உடைந்து வந்தால் பண்டிகை நேரத்தில் மாற்றிக் கொடுக்க ஆளும் இல்லை, பொம்மையும் இல்லை. ரிவ்யூக்களும் களிமண் செட் வாங்கியவர்கள் எழுதியவை.

என் நாத்தனார் மகன் புதுசாக 2026 என்று ஒரு பக்கம் போட்டுவிட்டுப் பழையதை அழித்துவிடச் சொல்கிறான். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. இப்போது ஜூலைதான், நேரம் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தானே குமார்

அழிக்கவே அழிக்காதீர்கள் மேடம். மூன்று வருடம் பேர் எடுத்த பக்கம் அது, புதுப் பக்கம் போட்டால் பூஜ்யத்திலிருந்து தொடங்கணும். அதே பக்கத்தில் தலைப்பில் 2023ஐ 2026 ஆக்குங்கள், வெளியிட்ட தேதியை இன்றைய தேதியாக மாற்றுங்கள். கூகுளுக்குப் புதுசு என்றால் பிடிக்கும். வாரம் ஒருமுறை தேதியை மட்டும் மாற்றிக்கொண்டே வந்தால் போதும், உள்ளே ரொம்ப நோண்ட வேண்டாம்.

மாதுங்கா வெங்கட்

மும்பையில் சின்னக் கடைகளுக்கு இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குமார் சொன்னதில் முதல் பாதி சரி, அதே பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாதி வேண்டாம். உள்ளே ஒன்றும் மாறாமல் தேதியை மட்டும் மாற்றினால் எந்த லாபமும் இல்லை, அப்படிச் செய்யாதீர்கள் என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. சைட்மேப்பில், அதாவது உங்கள் பக்கங்களைக் கூகுளுக்குச் சொல்லும் பட்டியலில், கடைசியாக மாற்றிய தேதி என்று ஒன்று போவதைப் பார்த்திருப்பீர்கள். அது தொடர்ந்து உண்மையாக இருந்தால்தான் கூகுள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். வாரவாரம் பொய்த்தேதி போட்டுக்கொண்டிருந்தால், நீங்கள் நிஜமாகவே விலையை மாற்றுகிற நாளில் அதை நம்பாது.

மீனா மேடம், ஒரு எழுத்தை மாற்றுவதற்கு முன்னால் பக்கத்தை அப்படியே நகல் எடுத்து வையுங்கள், தலைப்பு, உள்தலைப்புகள், படங்களின் கோப்புப் பெயர் வரை எல்லாவற்றையும். அப்புறம் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் வடிகட்டி, போன சீசனில் எந்தெந்தத் தேடலிலிருந்து ஆள் வந்தார்கள் என்ற பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள். அங்கே 16 மாதத்துக்கான தரவுதான் நிற்கும், 2025 நவராத்திரி இன்றைக்கு இருக்கிறது, அடுத்த வருடம் இதே நேரம் பார்த்தால் இருக்காது. பக்கத்தில் எந்தச் சொல்லில் கை வைக்கக்கூடாது என்று அந்தப் பட்டியல் சொல்லிவிடும்.

வேலையை ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். விலை, டெலிவரி, எது கையிருப்பில் இருக்கிறது என்பதையெல்லாம் இன்றைக்கே மாற்றுங்கள், ஏனென்றால் அது தப்பாக இருந்தால் வாங்க வருகிறவரிடம் பொய் சொன்ன மாதிரி. ரிவ்யூ, படம் போன்ற சாட்சிகளை இரண்டு மூன்று வாரம் கழித்துத் தொடுங்கள். நடையை, வாக்கியங்களை மாற்றுவது கடைசியில்தான். எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றிவிட்டு அப்புறம் ரேங்க் இறங்கினால், எதனால் இறங்கியது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது.

முகவரியில் இருக்கும் 2023 பற்றி: வருடாவருடம் வரும் விற்பனைக்கு ஒரே முகவரியை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் கூகுள் தருகிற யோசனையும். ஆனால் சீசன் நெருங்கும்போது முகவரியை மாற்றுவது எனக்குப் பிடிக்காது. இந்த வருடம் அப்படியே விடுங்கள். விஜயதசமி முடிந்ததும் `/golu-dolls-bangalore` என்று மாற்றி, பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 ரீடைரக்ட் போட்டு, குறைந்தது ஒரு வருடம் அதை எடுக்காமல் வையுங்கள்.

இந்திராநகர் அருண்

வெங்கட் சார் சொன்ன வரிசை எனக்கும் சரி என்றே படுகிறது, முகவரி விஷயத்தில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. நவராத்திரி அக்டோபர் 11இல்தான் தொடங்குகிறது. இன்றைக்கு ரீடைரக்ட் போட்டால் கூகுள் புரிந்துகொள்ள இரண்டரை மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதை விடுங்கள், கொலு வியாபாரம் பாதி வாட்ஸப்பில்தான் நடக்கிறது. ஒரு மாமி இன்னொரு மாமிக்கு லிங்க் அனுப்பினால் அதில் 2023 என்று கண்ணில் படும், பழைய சரக்கு என்று திறக்காமலே விட்டுவிடுவார்கள். அந்த நஷ்டம் சர்ச் கன்சோலில் தெரியவே தெரியாது.

இன்னொன்று, இதை நிறைய பேர் கவனிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் விலையை மாற்றினால் வேலை முடியவில்லை. உங்கள் பக்கத்தின் உள்ளே கூகுளுக்காக எழுதிவைத்த விலை தனியாக இருக்கும். பக்கத்தில் ரைட் கிளிக் செய்து சோர்ஸைப் பார்த்தால் இந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்:

```json
"offers": {
  "@type": "Offer",
  "price": "1950",
  "priceCurrency": "INR",
  "availability": "https://schema.org/InStock",
  "priceValidUntil": "2025-10-02"
}
```

மல்லேஸ்வரம் மீனா

அருண், அப்படியே இருக்கிறது! விலையும் பழைய 1950, தேதியும் போன விஜயதசமி தேதி. போன வருடம் வெப்சைட் செய்து கொடுத்த தம்பி போட்டது போல. போன சீசனில் கூகுளில் எங்கள் பெயருக்குக் கீழே விலையும் நட்சத்திரமும் தெரியும், இப்போது காணோம் என்று நான் நினைத்துக்கொண்டே இருந்தேன், இதுதானா காரணம்?

இந்திராநகர் அருண்

பெரும்பாலும் இதுதான். `priceValidUntil` கடந்துபோன தேதியாக இருந்தால் அந்த விலைக்குறிப்பைக் கூகுள் காட்டாமல் விடலாம். விலையை 2450 என்றும் தேதியை `2026-10-20` என்றும் மாற்றுங்கள், அது இந்த வருட விஜயதசமி. மாற்றிய பிறகு கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்டில் முகவரியைக் கொடுத்தால் பிழை இருக்கிறதா என்று சொல்லிவிடும். அதில் பிழை இல்லை என்று வந்தாலும் காட்டியே தீருவார்கள் என்று உத்தரவாதம் கிடையாது, அது அவர்கள் முடிவு. ஆனால் கண்ணுக்குத் தெரியும் விலை ஒன்று, உள்ளே இருக்கும் விலை ஒன்று என்று மட்டும் ஒருநாளும் விடாதீர்கள்.

சீசன் முடிந்து ஸ்டாக் தீர்ந்ததும் பக்கத்தை எடுத்துவிடவும் வேண்டாம். `InStock` என்பதை `OutOfStock` ஆக்கி, அடுத்த வருடம் எப்போது புக்கிங் தொடங்கும் என்று ஒரு வரி போட்டால் போதும்.

கோரமங்களா பிரியா

நான் பித்தளை விளக்கு ஒரு பெரிய ஆன்லைன் சந்தையில் விற்கிறேன், என் அனுபவம் இது. பழைய லிஸ்டிங்கில் 200க்கு மேல் ரிவ்யூ இருந்தது. அந்த விளக்கு வருவது நின்றதும், அதே லிஸ்டிங்கில் படத்தையும் பெயரையும் மாற்றிப் புது விளக்கை ஏற்றிவிட்டேன். ரிவ்யூ எல்லாம் அப்படியே வந்துவிட்டது, விற்பனை குறையவே இல்லை. மீனா அக்கா, நீங்களும் அப்படியே செய்யலாமே? களிமண்ணுக்கு வந்த ரிவ்யூக்களை அப்படியே வைத்துக்கொண்டு காகிதக்கூழ் என்று மாற்றிவிடுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள்?

மாதுங்கா வெங்கட்

பிரியா, இதைத் தயவுசெய்து நிறுத்துங்கள், உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன். ஒரு பொருளுக்கு வந்த ரிவ்யூவை வேறு பொருளுக்குக் காட்டுவது வாங்குகிறவரை ஏமாற்றுவது. அமெரிக்காவில் 2023இல் பவுண்டிஃபுல் என்ற வைட்டமின் நிறுவனம் அமேசானில் இதைத்தான் செய்தது, புதுப் பொருளைப் பழைய பொருளின் இன்னொரு வகை மாதிரி சேர்த்து அதன் ரிவ்யூக்களை வாங்கிக்கொண்டது. அங்கே வாடிக்கையாளர் நலனைக் காக்கும் எஃப்டிசி என்ற அரசு அமைப்பு 6 லட்சம் டாலர் கட்ட வைத்தது. இங்கேயும் சந்தைகள் கண்டுபிடித்தால் லிஸ்டிங்கையே எடுத்துவிடும், அப்போது அந்த 200 ரிவ்யூவும் போகும்.

மீனா மேடத்தின் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். களிமண் பொம்மை வாங்கியவர் கனமாக இருக்கிறது, வர்ணம் அழுத்தமாக இருக்கிறது என்று எழுதியிருப்பார். காகிதக்கூழ் பொம்மை கையில் எடுத்தால் இலேசாக இருக்கும். அந்த ரிவ்யூவை நம்பி வாங்கினவர் பெட்டியைத் திறந்ததுமே தெரிந்துகொள்வார்.

மல்லேஸ்வரம் மீனா

நானும் அதைச் செய்யமாட்டேன் பிரியா, கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்களிடம் வாங்குகிறவர்கள் பாதி பேர் கோயிலில் பார்க்கிற முகங்கள். ஆனால் வெங்கட் சார், அப்போது அந்த நல்ல ரிவ்யூக்களை எல்லாம் தூக்கிவிடணுமா? அது போனால் பக்கமே காலியாக இருக்குமே.

மாதுங்கா வெங்கட்

தூக்க வேண்டாம். பக்கத்தில் களிமண் செட், காகிதக்கூழ் செட் என்று இரண்டு பகுதி வையுங்கள். களிமண் இன்னும் கொஞ்சம் விற்கிறீர்கள் அல்லவா, பழைய ரிவ்யூ எல்லாம் அதன் கீழே, எந்த வருடம் வாங்கியது என்ற குறிப்போடு இருக்கட்டும். காகிதக்கூழுக்குப் போன வருடம் வாங்கியவர்களிடம் கேளுங்கள். நன்றாக இருந்ததா என்று பொதுவாகக் கேட்காதீர்கள், முழுசாக வந்து சேர்ந்ததா, ஒரு வருடம் பரணில் வைத்து எடுத்த பிறகு வர்ணம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இந்த வருடம் வாங்குகிறவருக்கு மனசில் ஓடுகிற கேள்வி அதுதான். அவர்கள் அனுமதித்தால் அவர்கள் வீட்டுப் படியில் அந்த செட் இருக்கும் படத்தையும் போடுங்கள்.

படம் பற்றி ஒன்று. சர்ச் கன்சோலில் தேடல் வகையைப் படம் என்று மாற்றிப் பாருங்கள். கொலு பொம்மையை மக்கள் படத்தில் பார்த்துத்தான் தேடுகிறார்கள், அதனால் அங்கிருந்தும் கணிசமாக ஆள் வந்துகொண்டிருக்கலாம். அப்படி ஆள் கொண்டுவரும் பழைய படத்தை எடுத்தாலோ, அதன் கோப்புப் பெயரை மாற்றினாலோ, அந்த இடம் போய்விடும். களிமண் படத்தை களிமண் பகுதியிலேயே விட்டுவிட்டுப் புதுப் படத்தைப் புதுப் பெயரில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரோல்பாக் ராமமூர்த்தி

நான் டில்லியில் மெஸ் நடத்துகிறேன். கூகுள் மேப்பில் எங்கள் கடைப் பெயரோடு நவராத்திரி சுண்டல், தீபாவளி பட்சணம் என்று சீசனுக்குச் சீசன் சேர்த்துக்கொண்டே போனால் மேலே வருமா? இங்கே பேசுவதும் அதுதானே?

இந்திராநகர் அருண்

இல்லை சார், இங்கே பேசுவது சொந்த வெப்சைட்டில் இருக்கும் ஒரு பக்கத்தைப் பற்றி. மேப்பில் பெயர் என்பது உங்கள் போர்டில் இருக்கும் பெயராக மட்டும்தான் இருக்கணும், அதில் மற்ற சொற்களைச் சேர்ப்பது அவர்கள் விதிக்கு எதிரானது, பக்கமே முடங்கும் வாய்ப்பு உண்டு. சீசன் விஷயத்தை அதே ப்ரொஃபைலில் போஸ்ட்டாகப் போடலாம், புது மெனு படம் ஏற்றலாம், பண்டிகை நாள் நேரத்தைச் சரிசெய்யலாம். பெயரைத் தொடாதீர்கள்.

மல்லேஸ்வரம் மீனா

செப்டம்பர் முதல் வாரம் வந்துவிட்டது, நிலவரத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. ஆகஸ்ட் தொடக்கத்தில் விலை, டெலிவரி, உள்ளே கூகுளுக்காக எழுதிவைத்த அந்த விலைக்குறிப்பு எல்லாம் மாற்றினோம். இன்றைக்கு சர்ச் கன்சோலில் இந்த ஆகஸ்டைப் போன ஆகஸ்டோடு வைத்துப் பார்த்தேன். போன வருடம் 310 கிளிக், இந்த வருடம் 140. பாதிகூட இல்லை. எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடலாமா?

தானே குமார்

நான்தான் சொன்னேனே, உள்ளே நோண்ட வேண்டாம் என்று.

மாதுங்கா வெங்கட்

பொறுங்கள், எதையும் திருப்பாதீர்கள். இம்ப்ரெஷன், அதாவது தேடல் முடிவில் பக்கம் எத்தனை முறை தெரிந்தது என்பதையும், சராசரி இடத்தையும் சொல்லுங்கள்.

மல்லேஸ்வரம் மீனா

இம்ப்ரெஷன் போன ஆகஸ்ட் 6,200, இந்த ஆகஸ்ட் 2,900. சராசரி இடம் போன வருடம் 4.1, இப்போது 4.3.

மாதுங்கா வெங்கட்

அப்படியென்றால் உங்கள் பக்கம் அநேகமாக அதே இடத்தில்தான் நிற்கிறது, தேடுகிறவர்கள்தான் இன்னும் வரவில்லை. 6,200க்கு 310 என்றால் நூற்றுக்கு 5 பேர் கிளிக் செய்திருக்கிறார்கள், 2,900க்கு 140 என்றாலும் கிட்டத்தட்ட அதே 5தான். தலைப்பு மோசமாகிப்போயிருந்தால் இம்ப்ரெஷன் அப்படியே இருந்து கிளிக் மட்டும் குறைந்திருக்கும். ரேங்க் போயிருந்தால் 4 என்பது 10, 12 என்று ஆகியிருக்கும்.

காரணம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. இந்த வருடம் அதிக மாதம் வந்ததால் எல்லாம் தள்ளிப்போய்விட்டது. 2025இல் நவராத்திரி செப்டம்பர் 22, இந்த வருடம் அக்டோபர் 11. 19 நாள் வித்தியாசம். போன ஆகஸ்ட் கடைசியில் பண்டிகைக்கு மூன்று வாரம்தான் இருந்தது, இந்த ஆகஸ்ட் கடைசியில் கிட்டத்தட்ட ஆறு வாரம். தேதிக்குத் தேதி ஒப்பிடவே கூடாது. இந்த ஆகஸ்ட் 1 முதல் 31 வரை எடுத்து, போன வருடம் ஜூலை 13 முதல் ஆகஸ்ட் 12 வரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேதியை நீங்களே கொடுத்து ஒப்பிட அங்கேயே வசதி இருக்கிறது.

அதோடு, ஜூலையில் இறக்கி வைத்த பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தேடலாகவும் பாருங்கள். சராசரி நன்றாக இருக்கும்போதே ஒன்றிரண்டு தேடல் சத்தமில்லாமல் விழுந்திருக்கும்.

மல்லேஸ்வரம் மீனா

சார், நீங்கள் சொன்ன தேதியில் போட்டுப் பார்த்தேன். போன வருடம் 128 கிளிக், இந்த வருடம் 140! உயிரே வந்தது.

ஆனால் நீங்கள் சொன்ன இன்னொன்றும் உண்மை. `dasara dolls bangalore` என்ற தேடலில் போன வருடம் 5ஆம் இடம், இப்போது 14. காரணமும் தெரிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு உள்தலைப்பும் இரண்டு வரியும் தசரா பொம்மை என்று இருந்தன. நாம் வைப்பது கொலு, தசரா என்று எதற்கு என்று மாமியாருக்கு எப்போதுமே ஒரு குறை. விலை மாற்றும்போதே தம்பி அந்த வரிகளையும் எடுத்துவிட்டிருக்கிறான்.

இந்திராநகர் அருண்

அந்த வரிகளை இன்றைக்கே திரும்பப் போடுங்கள், நகல்தான் இருக்கிறதே. மாமியாரிடம் சொல்லுங்கள், பெங்களூரில் கன்னடக்காரர்கள் வீட்டிலும் பொம்மை வைக்கிறார்கள், அவர்கள் தசரா கொம்பே என்றுதான் சொல்வார்கள், தேடும்போதும் தசரா என்றுதான் அடிப்பார்கள். அவர்கள் வாங்குவதும் அதே தசாவதார செட்தான். வரியைப் போட்டபின் சர்ச் கன்சோலில் அந்த முகவரியைக் கொடுத்து மறுபடி இண்டெக்ஸ் செய்யக் கேளுங்கள்.

மாதுங்கா வெங்கட்

ஆமாம். நடையை மாற்றும்போதும் இதே கணக்குத்தான். ஆள் கொண்டுவரும் சொற்கள் தலைப்பிலும் உள்தலைப்பிலும் அப்படியே நிற்கட்டும், அவற்றைச் சுற்றி இருக்கும் வாக்கியங்களை எவ்வளவு வேண்டுமானாலும் அழகாக்குங்கள். தலைப்பில் 2026 என்று போட்டால் பக்கத்தின் மேலே இருக்கும் பெரிய தலைப்பிலும் 2026 என்றே போடுங்கள். ஒன்றில் 2023, ஒன்றில் 2026 என்று இருந்தால் கூகுள் எதைக் காட்டும் என்பது உங்கள் கையில் இல்லை.

மல்லேஸ்வரம் மீனா

வரியைப் போட்டு இரண்டு வாரம் ஆகிறது. 14 இப்போது 7க்கு வந்திருக்கிறது, பழைய 5க்கு இன்னும் வரவில்லை. மாமியார் சம்மதித்துவிட்டார், ஆனால் கொலு என்பது முதலிலும் தசரா என்பது அடுத்தும் வரணும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அப்படியே வைத்திருக்கிறேன். காகிதக்கூழ் செட்டுக்கு நான்கு பேர் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் மூக்கு நுனியில் வர்ணம் உதிர்ந்தது என்றும் எழுதியிருந்தார், அதையும் எடுக்காமல் போட்டு, தொட்டுக்கொள்ள வர்ணம் ஒரு சின்ன டப்பாவில் பெட்டியோடு அனுப்புகிறோம் என்று கீழே எங்கள் பதிலைச் சேர்த்திருக்கிறேன். விலையும் கூகுளில் மறுபடி தெரிய ஆரம்பித்துவிட்டது, நட்சத்திரம் இன்னும் இல்லை.

முகவரியில் இருக்கும் 2023ஐ மட்டும் இன்னும் தொடவில்லை. அருண் சொன்னது மனசில் உறுத்துகிறது, நேற்றுகூட வாட்ஸப்பில் ஒருவர் இது பழைய லிங்கா என்று கேட்டார்.

இந்திராநகர் அருண்

அதைத்தான் ஜூலையிலேயே சொன்னேன். இப்போது மகாளய அமாவாசை நெருங்கிவிட்டது, இனிமேல் நானும் மாற்றச் சொல்லமாட்டேன். வாட்ஸப்பில் அனுப்பும்போது முன்னோட்டத்தில் வரும் தலைப்பிலும் படத்திலும் 2026 தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள், அது `og:title`, `og:image` என்ற இரண்டு வரியில் இருக்கும், அதை மாற்றினால் ரேங்குக்கு ஒன்றும் ஆகாது.

மாதுங்கா வெங்கட்

அதைச் செய்யுங்கள். ஜூலையிலேயே மாற்றியிருக்கலாமா என்பதில் எனக்கும் அருணுக்கும் ஒத்துவராது, இருக்கட்டும். விஜயதசமி முடிந்து பொம்மையெல்லாம் பரணில் ஏறிய பிறகு அக்டோபர் கடைசி வாரத்தில் வாருங்கள், ரீடைரக்டைச் சேர்ந்து போடலாம். அதற்கு முன்னால் இந்த சீசன் பட்டியலையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோரமங்களா பிரியா

வெங்கட் சார், என் விளக்கு லிஸ்டிங்கைப் பிரித்துவிட முடிவு செய்துவிட்டேன். பழைய ரிவ்யூக்களைப் பழைய விளக்கோடு விட்டுவிட்டுப் புதுசுக்குத் தனி லிஸ்டிங் போட்டால், தீபாவளிக்குள் ஏதாவது மேலே வருமா?

மாதுங்கா வெங்கட்

தீபாவளி நவம்பர் 8, காலம் குறைவு. தானாக மேலே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், பழைய வாடிக்கையாளர்களுக்கு நேரடியாக லிங்க் அனுப்புங்கள். சந்தைக்குச் சந்தை வழக்கம் வேறு, அதற்குத் தனி இழை ஒன்று தொடங்குங்கள், அங்கே விற்கிறவர்கள் வந்து சொல்வார்கள்.